வெனஸ்டே ஆடியது எந்தப் பாட்டுக்கு?

2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘வெனஸ்டே’ தொடரின் நான்காம் பகுதியில் ஒரு பள்ளி நடன விருந்து வரும். வெனஸ்டேயாக நடிக்கும் ஜென்னா ஒர்டேகா கறுப்பு உடையில் கண் இமைக்காமல் ஆடுவார். கைகள் வெடுக்கென்று வெட்டி நிற்கும், தோள் குலுங்கும், தலை ஒரு பக்கமாகச் சாயும். சில வாரங்களில் ஊர் ஊராக ஆட்கள் அதை ஆடி டிக்டாக்கில் போட்டார்கள். அவற்றில் ஒலித்தது பெரும்பாலும் லேடி காகாவின் ‘பிளடி மேரி’. தொடரின் அந்தக் காட்சியிலோ அந்தப் பாட்டே கிடையாது. அங்கே ஒலிப்பது ‘தி கிராம்ப்ஸ்’ குழு 1981இல் வெளியிட்ட ‘கூ கூ மக்’.

தொடரையே பார்க்காத ஒருவர் கையில் அந்த டிக்டாக் வீடியோ மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் பிறந்த பாட்டை அவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கைபோவது ஷசாம் போன்ற செயலிக்குத்தான். அதன் அடிப்படை முறையை ஏவரி வாங் 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். பாட்டின் ஒவ்வொரு கணத்திலும் எந்த அதிர்வெண்கள் ஓங்கி ஒலிக்கின்றன என்று பார்த்து, அந்த உச்சங்களை மட்டும் வானத்து நட்சத்திரங்களைப் போலப் புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது செயலி. பிறகு இரண்டு இரண்டு புள்ளிகளாகச் சேர்த்து, இரண்டின் அதிர்வெண்ணையும் இடைப்பட்ட நேரத்தையும் ஒரு சாவியாக்கி, சேமிப்பில் உள்ள பாட்டுகளின் சாவிகளோடு ஒப்பிடுகிறது. சுற்றிலும் இரைச்சல் இருந்தாலும் போதுமான சாவிகள் தப்பிவிடும் என்பதால் டீக்கடையில்கூட அது வேலை செய்யும்.

ஆனால் டிக்டாக்கில் பரவிய ‘பிளடி மேரி’ வேகமாக்கப்பட்ட வடிவம். ஒரு பாட்டை 1.25 மடங்கு வேகத்தில் ஓட்டினால் 440 ஹெர்ட்ஸில் இருந்த உச்சம் 550க்கு ஏறும், அரை நொடி இடைவெளி 0.4 நொடியாகச் சுருங்கும். சாவியின் எல்லாப் பகுதிகளும் மாறிவிடுவதால் பூட்டு திறக்காது. வேகமாக்கிய வடிவமே தனியாகச் சேமிப்பில் இருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் ஒலியை 0.8 மடங்குக்குக் குறைத்துக் கேட்க வைக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. வீடியோ தளங்களில் வேகத்தைக் குறைக்கும் வசதி பொதுவாகச் சுருதியை மாற்றாமல் நேரத்தை மட்டும் நீட்டும். 550 அப்படியே 550ஆக நிற்கும். வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கும்படி ஒலித் திருத்த மென்பொருளில் மாற்றினால்தான் பழைய சாவி கிடைக்கும்.

இவ்வளவு செய்தாலும் கிடைப்பது வீடியோவில் ஒட்டியிருக்கும் பாட்டின் பெயர்தான். ஆட்டம் பிறந்த பாட்டைச் செயலிக்குத் தெரிய வழியில்லை.

அதனால் உடலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆடுபவரின் கையோ தலையோ வேகம் குறைந்து சட்டென்று நிற்கும் கணங்கள் தாளத்தின் அடிகளோடு பொருந்துகின்றனவா என்று கணக்கிடுவது நடன ஆய்வாளர்கள் கையாளும் முறை. நொடிக்கு 30 படங்கள் ஓடும் வீடியோவில் 15 படங்களுக்கு ஒருமுறை கை நின்றால் அரை நொடிக்கு ஓர் அடி, அதாவது நிமிடத்துக்கு 120. நிமிடத்துக்கு 95 அடி போகும் பாட்டை இதை வைத்து ஒதுக்கிவிடலாம். ஆனால் 120 அடிப் பாட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு, 60 அடிப் பாட்டும் அதே ஆட்டத்துக்குப் பொருந்தும். ஒதுக்குவதற்கே இந்த அளவு உதவும், உறுதிசெய்ய உதவாது. உறுதி வேண்டுமென்றால் கிதார் வெட்டும் இடத்தில், டிரம் உருளும் இடத்தில் அசைவும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படித் திரும்பத் திரும்ப ஒத்துப்போவது தற்செயலாக நடப்பது அரிது.

இதை டிக்டாக் நகல் வீடியோவில் அளந்தால் தவறான விடைதான் வரும். டிக்டாக்கில் ஆடியவர்கள் ‘பிளடி மேரி’யைக் கேட்டுக்கொண்டே ஆடினார்கள். கைவெட்டுகளை அதன் அடிகளுக்கு ஏற்ப நகர்த்திக்கொண்டார்கள். அவர்கள் உடல் சொல்லும் சாட்சி அந்தப் பாட்டுக்குச் சாதகமாகத்தான் இருக்கும். எனவே அளவு எடுக்கும் முன் அந்த அசைவு தென்படும் மிகப் பழைய பதிவைத் தேடிப் பிடித்தாக வேண்டும். பாட்டின் வயது இதில் துப்பு ஆகாது. ‘பிளடி மேரி’ 2011ஆம் ஆண்டுப் பாட்டு, அதுவும் ‘கூ கூ மக்’கும் ஆட்டத்துக்கு முந்தியவை. அசைவும் பாட்டும் முதன்முதலில் ஒன்றாகத் தென்பட்ட தேதிதான் தீர்ப்பு சொல்லும்.

‘கூ கூ மக்’கும் கிராம்ப்ஸின் சொந்தப் பாட்டு அல்ல. ரோனி குக் அண்ட் தி கேலாட்ஸ் 1962இல் வெளியிட்டதை அவர்கள் மறுபடி பாடினார்கள். ஒலிச் சாவி இரண்டையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டிவிடும், அது அடையாளம் காண்பது ஒலிப்பதிவைத்தான். அசைவுகளின் வேர் அப்படிச் சிக்குவதில்லை. நடனத்தைத் தானே அமைத்த ஒர்டேகா அசைவுகளைப் பாடகி சூசி சூ, நடன இயக்குநர் பாப் ஃபாஸி, 1960களின் தொலைக்காட்சித் தொடரில் வெனஸ்டேயாக நடித்த லிசா லோரிங் ஆகியோரிடமிருந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் துண்டுகளின் மூலத்தைத் தேடுபவர் பாட்டுகளை விட்டுவிட்டுப் பழைய படச்சுருள்களைத்தான் புரட்ட வேண்டும்.