பில் இருக்கா, சீரியல் நம்பர் என்ன?

பழைய கிராபிக்ஸ் கார்டு விற்பவர்கள் விளம்பரத்தில் எழுதுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: "லைட் யூஸ், நல்ல கண்டிஷன், பாக்ஸ் இருக்கு." வாங்க நினைப்பவர் திருப்பிக் கேட்பதும் ஒரே வரி: "கடைசி விலை என்ன?" விலை படிந்துவிட்டால் மற்றதைக் கேட்கக் கூச்சமாகிவிடும். அதனால் கேட்க வேண்டியதை விலை பேசும் முன்பே ஒரு மெயிலில் கேட்டுவிடுவது நல்லது.

முதலில், கார்டின் மேல் எழுதியிருக்கும் பெயரை அப்படியே நம்பக் கூடாது. ஆர்.எக்ஸ். 580 என்ற கார்டில் 2304 ஷேடர்கள் இருக்க வேண்டும். ஆனால் 2018-இல் சீனச் சந்தைக்கென்று 2048 ஷேடர் உள்ள ஒரு வகையும் வந்தது. அதையும் வெறும் 580 என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இதைக் குறைந்த சரக்கு என்றாவது சொல்லலாம். ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ என்ற பெயரில் வந்த போலிகள் முழு ஏமாற்று வேலை. உள்ளே இருந்தது 2010 வாக்கில் வந்த பழைய சிப். அதன் பயாஸை மாற்றி எழுதி, கம்ப்யூட்டரே 1050 டிஐ என்று காட்டும்படி செய்திருந்தார்கள். 768 இருக்க வேண்டிய இடத்தில் 192 ஷேடர்கள்தான்.

GPU-Z என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இப்படிப்பட்ட போலி என்விடியா கார்டுகள் பலவற்றைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் [FAKE] என்று காட்டிவிடுகிறது. எனவே விற்பவரிடம் அதன் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்பது பாதி வேலையை முடித்துவிடும். பாதிதான். ஸ்கிரீன்ஷாட் வேறு கம்ப்யூட்டரில் எடுத்ததாக இருக்கலாம், பில் வேறு கார்டுடையதாக இருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் உண்மையாகவே தெரியும். கார்டு, பாக்ஸ், பில் மூன்றையும் ஒன்றோடொன்று கட்டுவது சீரியல் நம்பர் மட்டுமே. கார்டின் பின்பக்க ஸ்டிக்கரில் அது இருக்கும், பாக்ஸிலும் இருக்கும். வாரண்டிக்குத் தேவைப்படும் என்பதால் பல கடைகள் பில்லில் பொருளின் பெயருக்குக் கீழே அதை அடித்தே தருகின்றன.

ஆர்.டி.எக்ஸ். 3060, 12 ஜிபி கார்டு ஒன்று 15,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெயில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். உங்கள் 3060 கார்டு விளம்பரம் பார்த்தேன். விலை எனக்கு ஒத்துவரும். நேரில் வருவதற்கு முன் சில விவரம் வேண்டும்.

கார்டை நீங்களே கடையில் புதிதாக வாங்கினீர்களா, வேறு ஒருவரிடம் வாங்கியதா? பில் இருந்தால் படம் அனுப்புங்கள். உங்கள் முகவரி, போன் நம்பரை மறைத்துவிடலாம். தேதி, கடையின் ஜிஎஸ்டி எண், தொகை, சீரியல் நம்பர் தெரிந்தால் போதும்.

கார்டின் ஸ்டிக்கரும் பாக்ஸின் ஸ்டிக்கரும் ஒரே படத்தில் வருமாறு, பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய சீட்டு வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? கார்டை மாட்டியிருந்தால் GPU-Z முதல் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும்.

மைனிங்குக்கு ஓடியதா? கழற்றி பேஸ்ட் மாற்றினீர்களா, சர்வீஸ் சென்டருக்குப் போனதா? போயிருந்தாலும் பரவாயில்லை, தெரிந்தால் பேச வசதியாக இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து, ஓட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே பணம் தருகிறேன்."

முகவரியை மறைக்கலாம் என்ற வரியை விட்டுவிட வேண்டாம். முன்பின் தெரியாதவரிடம் வீட்டு முகவரி போக வேண்டாம் என்று நினைப்பது நியாயம்தான். அந்தச் சாக்கை முன்கூட்டியே எடுத்துவிட்டால் பில் தர மறுப்பதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டி வரும். கடைசி வரியும் அப்படித்தான். வாங்கத் தயாராக இருப்பவர் கேட்கிறார் என்று தெரிந்தால் விற்பவரும் சிரமம் எடுத்துப் பதில் எழுதுவார்.

பதில் வந்ததும் முதலில் பில்லைப் பாருங்கள். ஜிஎஸ்டி எண் பதினைந்து எழுத்து. முதல் இரண்டும் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் தட்டினால் கடையின் பெயரும் பதிவு செய்த தேதியும் யாருக்கும் காட்டும். பதிவுத் தேதிக்கு முந்தைய தேதியில் பில் இருந்தால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டும். 3060 கார்டு விற்பனைக்கு வந்ததே 2021 பிப்ரவரி கடைசியில். 2020 பில் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது கணக்கு. கார்டுக்கு வரி 18 சதவீதம். 25,000 ரூபாய் விலை என்றால் வரி 4,500, மொத்தம் 29,500. கடையும் வாங்கியவரும் தமிழ்நாடு என்றால் அந்த வரி சிஜிஎஸ்டி 2,250, எஸ்ஜிஎஸ்டி 2,250 என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். வெளிமாநிலத்திலிருந்து அனுப்பிய சரக்குக்கு ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக வரும். பில்லைத் திருத்துகிறவர்கள் தேதியையும் மொத்தத் தொகையையும் மாற்றுவார்கள். வரிக் கட்டத்தை மறந்துவிடுவார்கள்.

எண்ணிக்கை என்ற கட்டத்தையும் பாருங்கள். 2021-இல் ஒரே பில்லில் ஆறு கார்டு என்றால் அது கேம் விளையாட வாங்கியதாக இருக்காது. எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பர் 15 அன்று முடிவுக்கு வந்தது. அதன்பின் அந்தக் கார்டுகள் கூட்டமாகப் பழைய சந்தைக்கு வந்தன. மைனிங் ஓடிய கார்டு என்றாலே குப்பை என்று சொல்லமாட்டேன். இரவு பகலாகச் சுற்றியதால் ஃபேன் தேய்ந்திருக்கும், தெர்மல் பேட் காய்ந்திருக்கும். அந்தச் செலவைக் கழித்து விலை கேட்கலாம். உண்மையைச் சொன்னவரிடம் மைனிங் கார்டு வாங்குவது, "லைட் யூஸ்" என்று மழுப்புபவரிடம் வாங்குவதைவிட மேல்.

ஸ்கிரீன்ஷாட்டில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும். 12 ஜிபி 3060 என்றால் ஷேடர் 3584, மெமரி 12288 எம்பி, பஸ் 192 பிட். மெமரி 8192, பஸ் 128 என்று இருந்தால் அது 2022 இறுதியில் வந்த 8 ஜிபி வகை. உண்மையான கார்டுதான், ஆனால் வேகம் குறைவு, விலையும் குறைய வேண்டும். ஷேடர் 3840, மெமரி 6 ஜிபி என்றால் லேப்டாப் சிப்பை எடுத்து டெஸ்க்டாப் போர்டில் ஒட்டியது. அதற்கு வாரண்டியும் இல்லை, வழக்கமான டிரைவரும் சரியாக ஏறாமல் படுத்தலாம்.

பில்லில் ஒரு சீரியல், கார்டில் வேறு சீரியல் என்று வந்தால் உடனே திருட்டுப் பட்டம் கட்ட வேண்டாம். வாரண்டியில் கொடுத்த கார்டுக்குப் பதில் வேறு கார்டு கொடுக்கும்போது நம்பர் மாறும். அப்போது சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட்டையோ மெயிலையோ கேளுங்கள். பாக்ஸ் ஸ்டிக்கர் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு கார்டு வைத்திருந்தவர் பாக்ஸை மாற்றியிருக்கலாம். எதுவுமே ஒத்துப்போகவில்லை, கேட்டால் "வேணும்னா வாங்குங்க சார், நிறைய பேர் கேக்குறாங்க" என்று பதில் வருகிறது என்றால் வேறு கார்டு தேடலாம்.

பில் தொலைந்துவிட்டது என்று சொல்பவர்கள் நிறைய. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சில கம்பெனிகள் சீரியல் நம்பரை வைத்தே வாரண்டி கணக்கிடுகின்றன, சில பில்லைக் கேட்கின்றன. இரண்டாவது ஆளுக்கு வாரண்டி உண்டா என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விற்பவரையே அந்தக் கம்பெனியின் தளத்தில் சீரியலைத் தட்டி, வரும் பக்கத்தை அனுப்பச் சொல்லலாம். வாரண்டி இல்லை என்று தெரிந்தால் அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கார்டின் உடல்நிலையை எந்த மெயிலும் சொல்லாது. மெமரி சிப் ஒன்று செத்துக்கொண்டிருந்தாலும் பில் அழகாகவே இருக்கும். நேரில் போனதும் ஸ்டிக்கரில் உள்ள நம்பரை மெயிலில் வந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, GPU-Z-ஐ உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லிவிட்டு, ஒரு கனமான கேமையோ ஃபர்மார்க்கையோ கால் மணி நேரம் ஓட விடுங்கள். திரையில் புள்ளிகள், கோடுகள் வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். அது முடியும்வரை டோக்கன் அட்வான்ஸ்கூட அனுப்ப வேண்டாம்.