மூன்றாம் வகுப்பு மனக்கணக்குத் தாள்: பத்தாக்குதல், இரட்டித்தல், ஈடுசெய்தல்

மனக்கணக்குத் தாள் என்பது, எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதாமல் மனத்திலேயே மாற்றி அமைத்துக் கூட்டவும் கழிக்கவும் பழக்கும் பயிற்சித் தாள் ஆகும். இதில் கணக்குகள் எல்லாம் 46 + 29 = என்று பக்கவாட்டில்தான் எழுதப்படுகின்றன. மேலும் கீழுமாக எழுதிக் கொடுத்தால், பிள்ளை பழக்கத்தால் ஒன்றுகளின் இடத்திலிருந்து தொடங்கிவிடும்.

பத்தாக்குதல்

8 + 7 என்பதில், 8 பத்தாக இன்னும் 2 வேண்டும். அந்த 2-ஐ 7 கொடுக்கிறது. இப்போது ஒரு பக்கம் 10, மறு பக்கம் 5. விடை 15. பதினைந்து என்ற பெயரிலேயே பத்தும் ஐந்தும் அடுத்தடுத்து நிற்பதால், தமிழில் எண்ணும் பிள்ளைக்கு இந்த வழி எளிதில் பிடிபடும். இதேபோல் 38 + 27 என்பது 40 + 25 ஆகி 65 என்று முடியும்.

இதற்கு முன், 10-இன் சோடிகள் (9-1, 8-2, 7-3, 6-4, 5-5) யோசிக்காமல் வர வேண்டும். எட்டுக்கு எத்தனை சேர்த்தால் பத்து என்று பிள்ளை விரல் விட்டு எண்ணினால், தாளை ஒதுக்கிவிட்டுப் பத்துப் புளியங்கொட்டைகளை இரண்டு குவியலாகப் பிரித்துக் காட்டுவதே நல்லது.

இரட்டித்தல்

ஓர் எண்ணையே இருமுறை கூட்டுவது பிள்ளைகளுக்கு விரைவில் மனப்பாடம் ஆகும். 25-இன் இரட்டை 50 என்று தெரிந்தால், 25 + 26 என்பது 51. பெருக்கலுக்கும் இது உதவும். 4 × 7 மறந்துபோனால், 7-இன் இரட்டை 14, அதன் இரட்டை 28.

ஈடுசெய்தல்

29, 38, 198 போன்ற எண்கள் முழுப் பத்துக்கோ முழு நூறுக்கோ சற்றுக் குறைவானவை. அவற்றை முழு எண்ணாக வைத்துக் கணக்கிட்டுவிட்டு, பிறகு வேறுபாட்டைச் சரிசெய்வது ஈடுசெய்தல். 46 + 29-இல் 30-ஐக் கூட்டினால் 76. ஒன்று கூடுதலாகச் சேர்த்துவிட்டதால் அதை எடுக்க, 75.

சிக்கல் கழித்தலில்தான் வருகிறது. 63 − 29 என்று கேட்டால், நன்றாகக் கூட்டும் பிள்ளையே 32 என்று எழுதும். 30-ஐக் கழித்து 33 பெற்று, கூட்டலில் செய்ததுபோலவே இன்னும் ஒன்றை எடுத்திருக்கும். அல்லது பத்தாக்குதலில் பழகியபடி 63-இலிருந்து ஒன்றை எடுத்து 29-க்குக் கொடுத்து, 62 − 30 என்று மாற்றியிருக்கும். இது கவனக்குறைவு அல்ல. சரியாகக் கற்ற ஒன்றைப் பொருந்தாத இடத்தில் செய்வது. விடைத்தாளைப் பார்த்தே இதைக் கண்டுகொள்ளலாம்: ஈடுசெய்த எண்ணின் இருமடங்கு அளவுக்கு விடை குறைந்திருக்கும். இங்கே ஈடு 1, சரியான விடை 34, பிள்ளை எழுதியது 32. மாறாக 46 என்று எழுதியிருந்தால் அது வேறு பிழை. மேலும் கீழும் எழுதும் முறையில் 9-இலிருந்து 3-ஐயும் 6-இலிருந்து 2-ஐயும் கழித்த விடை அது.

'கூட்டிக் கழித்தால் கூட்டு' என்று விதி சொல்லிக் கொடுப்பது அடுத்த வாரமே குழம்பிவிடும் என்பது என் அனுபவம். கடைக்கணக்குதான் நின்றது. கையில் 63 ரூபாய். பொருளின் விலை 29 ரூபாய். கடைக்காரரிடம் 30 ரூபாய் கொடுத்தால், கையில் 33. அவர் ஒரு ரூபாய் மீதி தருவார். அது யாருக்கு வரும்? நமக்கு. ஆகவே 34. பத்து ரூபாய்த் தாள்களையும் ஒரு ரூபாய் நாணயங்களையும் வைத்து நான்கைந்து முறை வாங்கி விற்றால், எந்தப் பக்கம் ஈடுசெய்வது என்ற ஐயம் பெரும்பாலும் நீங்கும். அதன்பின் 503 − 198 கூடக் கடினமில்லை. 200 கொடுத்தால் 303, மீதி 2 திரும்பி வர 305. இதையே மேலும் கீழுமாக எழுதினால், நடுவில் உள்ள சுழியத்தைத் தாண்டி நூறிலிருந்து கடன் வாங்க வேண்டும்.

தாள் அமைப்பு

முதல் மூன்று பகுதிகளில் வழிக்கு நான்கு கணக்குகள் போதும். நான்காவது பகுதி கலந்து வர வேண்டும். இல்லையேல் பிள்ளை எண்களைப் பார்க்காமல் தலைப்பைப் பார்த்தே செய்யும். எடுத்துக்காட்டாக:

57 + 38 =
35 + 36 =
72 − 48 =
54 + 23 =
400 − 199 =

ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'எப்படிச் செய்தாய்?' என்று ஒரு வரி இடம் விட வேண்டும். 54 + 23 வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. பத்துகளைத் தனியாகவும் ஒன்றுகளைத் தனியாகவும் கூட்டினாலே 77 வந்துவிடும். இதற்கு எந்த உத்தியும் தேவையில்லை. இங்கும் 23-ஐ 30 ஆக்கி 7-ஐ எடுக்கும் பிள்ளைக்கு விடை சரியாகவே வரும். ஆனாலும் அது எண்களைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்க இன்னும் பழகவில்லை. அதற்கு 54 + 23, 54 + 29 ஆகிய இரண்டையும் அருகருகே எழுதிக் கொடுத்து, எதற்கு ஈடுசெய்தல் எளிது என்று கேட்கலாம்.