மறுத்தார் என்று எழுதும்போது

இளமையில் ஒரு பட்டறையின் பதிவேட்டில் நான் எழுதிய ஐந்து வாக்கியங்களைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். பாதுகாப்புக் கருவியை அணிய மறுத்த தொழிலாளி ஒருவரைப் பற்றி எழுதியவை அவை. அவற்றை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொள்வதற்குள் அவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்துவிட்டார்.

1984-ஆம் ஆண்டு. கோவைப் பக்கத்தில் பம்பு உறைகளை வார்க்கும் சிறிய பட்டறை ஒன்றில் நான் மேற்பார்வையாளனாகச் சேர்ந்திருந்தேன். பதினான்கு பேர் வேலை செய்தார்கள். அச்சிலிருந்து வெளிவரும் இரும்பு வார்ப்பின் ஓரங்களில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். சுழலும் சாணைக்கல்லில் வார்ப்பை அழுத்திப் பிடித்து அப்பிசிறைத் தேய்த்து நீக்குவார்கள். எங்கள் கல்லின் விட்டம் 200 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2800 முறை சுழலும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கல்லின் விளிம்பு ஒரு விநாடியில் 29 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து தெறிக்கும் பொறிகள் வெறும் ஒளியல்ல. ஒவ்வொன்றும் சுடச்சுடப் பாயும் இரும்புத் துகள். கருவிழியின் மேற்பரப்பில் பதிந்த துகள் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். விசையோடு வந்த துகள் கண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளேயும் செல்லும். அதனால்தான் அந்த வேலைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

எங்கள் சாணைக்கல்லில் நின்றவர் ஐம்பது வயதைத் தாண்டிய அனுபவசாலி. அவர் அந்தக் கண்ணாடியை அணியவில்லை. நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பதிவேட்டை எடுத்து இவ்வாறு எழுதினேன்: “சாணைக்கல் தொழிலாளி வழக்கம்போல் இன்றும் கண்ணாடி அணியவில்லை. பலமுறை எச்சரித்தும் பயனில்லை. முப்பது ஆண்டு அனுபவசாலிக்கு நம் புத்திமதி எதற்கு! வேண்டுமென்றே விதியை மீறுகிறார். விளைவுக்கு அவரே பொறுப்பு.” எழுதி முடித்ததும் என் கடமை முடிந்துவிட்டதாகவே எண்ணினேன்.

ஆறு வாரம் கழித்து ஓர் இரும்புத் துகள் அவருடைய வலக் கண்ணைத் துளைத்தது. கண் இருந்தது, பார்வை போயிற்று.

அந்தப் பட்டறை அப்போது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வந்திருக்கவில்லை. ஆகவே 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டப்படி அவர் ஈடு கேட்டார். மற்றொரு கண் நல்ல நிலையில் இருக்க, ஒரு கண்ணின் பார்வை மட்டும் போனால், சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு முப்பது பங்கு இழப்பு என்று அச்சட்டத்தின் அட்டவணை கணக்கிட்டது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது. பாதுகாப்புக்காக வெளிப்படையாக இடப்பட்ட உத்தரவைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறி, அதன் நேர் விளைவாகவே காயம் ஏற்பட்டிருந்தால், முதலாளி ஈடு தர வேண்டியதில்லை. மரணத்துக்கு இந்த விலக்குப் பொருந்தாது. ஒரு கண்ணின் இழப்புக்குப் பொருந்தக்கூடும். இங்கே எல்லாம் “வேண்டுமென்றே” என்ற ஒரு சொல்லில் நின்றது. மறதியும் கவனக்குறைவும் அச்சொல்லில் அடங்கா. அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. நான் கோபத்தில் எழுதிய சொல்லும் அதுவே. என் பதிவேடு சான்றாக வந்து நின்றது.

விசாரணை அதிகாரி என்னிடம் குரலை உயர்த்தாமல் சில கேள்விகள் கேட்டார். பலமுறை என்றால் எத்தனை முறை? எந்தெந்த நாளில்? கொடுக்கப்பட்ட கண்ணாடி எத்தகையது? அதை அணியாததற்கு அவர் ஏதாவது காரணம் சொன்னாரா? நீங்கள் எச்சரித்தபோது உடன் இருந்தவர் யார்? அணியாமல் நின்றவரைத் தொடர்ந்து வேலை செய்ய ஏன் விட்டீர்கள்? என் ஐந்து வாக்கியங்களில் இவற்றுள் ஒன்றுக்கும் விடை இல்லை. காரணம் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் என் நினைவிலிருந்து விடை சொல்ல வேண்டியதாயிற்று. அன்று அவர் என்னிடம் சொன்னது இது: “கண்ணாடி மேல கண்ணாடி போட்டா ஒண்ணும் தெரியறதில்லீங்க, தம்பி. கல்லுப் படற இடம் தெரியாட்டி வெரலு போயிரும்.”

அவர் பார்வைக் குறைவுக்காக ஏற்கெனவே ஒரு கண்ணாடி அணிந்திருந்தார். நாங்கள் கொடுத்ததோ வெறுங்கண்ணுக்கு அளவெடுத்தது. அவருடைய கண்ணாடிக்கு மேல் பொருந்தாது. வியர்வையில் உடனே மூடுபனி படியும். அவர் விதியை அலட்சியம் செய்யவில்லை. கண்ணுக்கும் விரலுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்துகொண்டார். “வேண்டுமென்றே” என்பது நான் கண்டதன்று, நான் ஊகித்தது. விலக்குப் பொருந்தாது என்று தீர்ப்பாகி, அவருக்கு ஈடு கிடைத்தது. வெளியே வந்தபோது அவர் என்னிடம், “நான் சொன்னதையும் ஒரு வரி எழுதியிருக்கலாமுங்க, தம்பி” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதன்பின் அந்தப் பதிவைப் பலமுறை மனத்துக்குள் திருத்தி எழுதிப் பார்த்தேன். இறுதியில் வந்த வடிவம் இது:

“12-6-1984, செவ்வாய், காலை 9-20. பிசிறு நீக்கும் பகுதி. தொழிலாளி தம் பார்வைக் கண்ணாடி அணிந்து சாணைக்கல்லில் வேலை செய்தார். பட்டறை கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடி பக்கத்து ஆணியில் தொங்கியது. அதில் கீறல்கள் இருந்தன. இரும்புத் துகள் கண்ணில் பாயக்கூடும். அதை அணியாமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது என்று சொன்னேன். அவர் அணிய மறுத்தார். கண்ணாடி மேல் கண்ணாடி போட்டால் தெரிவதில்லை என்றும், கல் படும் இடம் தெரியாவிட்டால் விரல் போய்விடும் என்றும் சொன்னார். இதே எச்சரிக்கையை 4-ஆம் தேதியும் 8-ஆம் தேதியும் சொன்னேன். இன்று கடைசல்காரர் உடனிருந்தார். 9-30 மணிக்குச் சாணைக்கல்லை நிறுத்தி, அவரை வார்ப்புகளை எண்ணி அடுக்கும் வேலைக்கு மாற்றினேன். பார்வைக் கண்ணாடிக்கு மேல் பொருந்தும் முகத்திரை வாங்க வேண்டும் என்று முதலாளியிடம் எழுதிக் கேட்டேன். இப்பதிவை அவருக்குப் படித்துக் காட்டினேன், கையெழுத்திட்டார்.”

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது பதிவு அவரை எவ்விதத்திலும் காப்பாற்ற முயலவில்லை. “மறுத்தார்” என்ற சொல் ஒளிவின்றி இருக்கிறது. எச்சரித்த தேதிகளும் இருக்கின்றன. இரக்கத்தினால் “அணிய மறந்தார்” என்று எழுதுவதும் பொய்யே. அது பின்னால் வருகிறவரை ஏமாற்றும். போனவை “வழக்கம்போல்”, “வேண்டுமென்றே” என்ற சொற்களும், அந்த வியப்புக்குறியும், விளைவைப் பற்றிய சாபமும்தாம். அவை அவரைப் பற்றியவை அல்ல. என் கோபத்தைப் பற்றியவை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் வைத்துக்கொண்டு, மனத்தில் தோன்றியதை நீக்கினால் கேலியும் தண்டனையும் தாமே உதிர்ந்துவிடுகின்றன. “பலமுறை” என்று எழுத வரும் இடத்தில் தேதியை எழுதுங்கள். தேதி நினைவில் இல்லாவிட்டால் அச்சொல்லை எழுதும் உரிமையும் நமக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாணைக்கல்லை நிறுத்தியதும், முகத்திரை கேட்டதும், படித்துக் காட்டியதும் ஆகிய மூன்றும் 1984-இல் நான் செய்யாத செயல்கள். அன்று நான் “பிறகு என்ன செய்தேன்” என்று எழுத முனைந்திருந்தால், எழுத ஒன்றுமில்லை என்பது எனக்கே தெரிந்திருக்கும். விளைவுக்கு அவரே பொறுப்பு என்ற வாக்கியம் அந்த வெற்றிடத்தை மறைத்துவிட்டது. மறுப்பை எழுதி வைப்பது, ஆபத்தில் வேலையைத் தொடர விடுவதற்கு அனுமதிச் சீட்டு அன்று. எழுதிய மையின் ஈரம் உலர்வதற்குள் கல் நிற்க வேண்டும்.

எல்லாத் தொழிலாளிகளும் காரணம் சொல்வார்கள் என்பதில்லை. “எனக்குப் பிடிக்கவில்லை” என்பதே சிலருடைய விடையாக இருக்கும். அதையும் அவர் சொன்னபடியே எழுத வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால், “காரணம் கேட்டேன், சொல்லவில்லை” என்று எழுதினால் போதும். கையெழுத்திட விரும்பாவிட்டால், “படித்துக் காட்டினேன், கையெழுத்திட விரும்பவில்லை” என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தால் அது நம் சினமாகவே இருக்கும். ஒழுங்கு நடவடிக்கை தேவைப்பட்டால் அதற்கெனத் தனி முறை உண்டு. அங்கே அவர் தம் பக்கத்தைச் சொல்லவும் இடம் உண்டு. பாதுகாப்புப் பதிவேட்டுக்குள் அதை நுழைத்தால், நாளை இன்னொருவர் தம் கண்ணாடி பொருந்தவில்லை என்று நம்மிடம் வந்து சொல்ல அஞ்சுவார்.

பிற்காலத்தில் நான் வேலை பார்த்த இடங்களில் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். பதிவை எழுதியதும், யாரைப் பற்றி எழுதினேனோ அவர் எதிரிலேயே, அவர் முகத்தைப் பார்த்தபடி உரக்கப் படிப்பேன். எந்தச் சொல்லில் என் குரல் தயங்குகிறதோ அந்தச் சொல்லை அடித்துவிடுவேன். அவர் இடைமறித்து, “நான் அப்படிச் சொல்லலீங்களே” என்றால், அவர் எப்படிச் சொன்னார் என்று கேட்டு அதை எழுதிக்கொள்வேன். முகத்திரை வாங்கவும், கல்லுக்கு மேல் கண்ணாடித் தடுப்புப் பொருத்தவும், விளக்கின் இடத்தை மாற்றவும் வழிகாட்டிய செய்திகள் பெரும்பாலும் அந்தத் திருத்தங்களிலேயே கிடைத்தன.