கப்பல் ஏறியதும் கைமாறுவது எது?

கரூரில் சமையலறைத் துண்டுகளைத் தயாரித்து அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு ஒரு இருபதடி கன்டெய்னர், மதிப்பு 40,000 டாலர். பல பக்க ஒப்பந்தத்தில் லாப நஷ்டத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இரண்டு வரிகள்தான். 'விலை: சிஐஎஃப் ஹாம்பர்க், இன்கோடெர்ம்ஸ் 2020' என்பது ஒன்று. 'பணம்: 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி டி/ஏ, பி.எல். தேதியிலிருந்து 60 நாள்' என்பது மற்றொன்று.

இவற்றுக்குள் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. கப்பல் வாடகையும் மற்ற செலவுகளும் யாருடையவை? வழியில் சரக்கு கெட்டால் நஷ்டம் யாருக்கு? பணம் எப்போது வரும்? மூன்றும் ஒரே இடத்தில் கைமாறுவதில்லை. ஒப்பந்தத்தைச் சுருக்கி எழுதும்போது இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் செலவு. இன்கோடெர்ம்ஸ் என்பது பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சபை வெளியிடும் விதித் தொகுப்பு. அதில் உள்ள 11 முறைகளில் சிஐஎஃப் ஒன்று. ஹாம்பர்க் வரை கப்பல் வாடகையையும் சரக்குக் காப்பீட்டையும் விற்பவர் கட்டுகிறார். ஜெர்மனியின் இறக்குமதி வரி வாங்குபவருடையது. இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

குழப்பம் நஷ்டத்தில் வருகிறது. வாடகையை ஹாம்பர்க் வரை கட்டியிருப்பதால் சரக்குக்கும் அதுவரை தானே பொறுப்பு என்று பல சிறு ஏற்றுமதியாளர்கள் நினைக்கிறார்கள். விதி அப்படியில்லை. சிஐஎஃப் முறையில் சரக்கு தூத்துக்குடியில் கப்பலுக்குள் வைக்கப்பட்டதுமே நஷ்டப் பொறுப்பு வாங்குபவரிடம் போய்விடுகிறது. செலவு முடியும் இடம் ஹாம்பர்க், பொறுப்பு முடியும் இடம் தூத்துக்குடி.

தேதி போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஜூலை 1 அன்று கன்டெய்னர் கரூரிலிருந்து புறப்படுகிறது. ஜூலை 3 அன்று துறைமுக யார்டில் ஒப்படைக்கப்படுகிறது. கப்பல் தாமதமாகி, ஜூலை 8 அன்றுதான் ஏற்றப்படுகிறது, பி.எல். என்ற கப்பல் ரசீதில் அந்தத் தேதியே விழுகிறது. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ஆகஸ்ட் நடுவில் ஹாம்பர்க் சேருகிறது. பி.எல். தேதியிலிருந்து 60 நாள் என்றால் மீதி 28,000 டாலர் வரவேண்டிய நாள் செப்டம்பர் 6.

கொழும்பில் கன்டெய்னர் மாற்றும்போது சேதம் ஏற்பட்டால் நஷ்டம் ஹாம்பர்க்காரருடையது. அவர் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். காப்பீட்டுப் பத்திரம் அவர் கைக்குப் போயிருப்பதால் இழப்பீட்டை அவரே கேட்டுப் பெறலாம். ஆனால் ஜூலை 5 அன்று யார்டில் பெய்த மழையில் கன்டெய்னரின் கூரை ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கித் துண்டுகள் பூஞ்சை பிடித்தால், அது கரூர்க்காரரின் நஷ்டம். பெட்டி அவர் கையை விட்டுப் போய் இரண்டு நாள் ஆகியிருக்கலாம். கப்பலில் ஏறவில்லை என்பதே கணக்கு.

இதனால்தான் கன்டெய்னர் சரக்குக்கு சிஐஎஃப், எஃப்ஓபி முறைகள் பொருந்தாது என்று சர்வதேச வர்த்தக சபையே சொல்கிறது. வாடகையும் காப்பீடும் சேர்ந்த விலையைத்தான் பையர் கேட்கிறார் என்றால் சிஐபி ஹாம்பர்க் என்று கேட்டுப் பார்க்கலாம். அதில் கன்டெய்னரைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு மாறும். ஒப்படைக்கும் இடம் தூத்துக்குடி யார்டு என்று பெயரோடு எழுதிவிட்டால் அந்த ஐந்து நாள் இடைவெளி அடைபடும்.

காப்பீட்டிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சிஐஎஃப் முறை கேட்பது 'சி' பிரிவு என்ற குறைந்தபட்சக் காப்பீடு. தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்ற பெரிய விபத்துகளைத்தான் அது தாங்கும். மழைநீருக்கும் திருட்டுக்கும் அதில் இடமில்லை. 2020 பதிப்பின்படி சிஐபி முறைக்கு விரிவான 'ஏ' பிரிவு கட்டாயம். சிஐஎஃப்பிலேயே தொடர்ந்தாலும் 'ஏ' பிரிவை எடுத்து, காப்பு கரூர் கிடங்கிலிருந்தே தொடங்குகிறதா என்று பத்திரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி பணம். டி/ஏ என்றால், சரக்குக்கான ஆவணங்கள் நம் வங்கியிலிருந்து பையரின் வங்கிக்குப் போகும். 'செப்டம்பர் 6 அன்று தருகிறேன்' என்று பையர் பில்லில் கையெழுத்துப் போட்டதும் வங்கி ஆவணங்களைக் கொடுத்துவிடும். அவர் சரக்கை எடுத்துக்கொள்வார். வங்கி இதில் தபால்காரர் மாதிரிதான், பணத்துக்கு அது ஜாமீன் இல்லை. ஆகஸ்ட் 25 அன்று பையர் திவாலானால் கடல் காப்பீடு ஒரு காசு தராது. அதற்கு இசிஜிசி போன்ற நிறுவனத்தின் கடன் காப்பீடு வேண்டும்.

டி/பி முறையில் பணம் கட்டினால்தான் ஆவணம். பி.எல். 'டு ஆர்டர்' என்று இருந்து, மூன்று அசல்களும் வங்கி வழியாகப் போனால்தான் இந்தப் பிடி நிற்கும். ஓர் அசலை நேராக பையருக்கு கூரியரில் அனுப்பிவிட்டால் பிடியும் கூடவே போய்விடும். டி/பி முறையிலும் பையர் ஆவணத்தை எடுக்காமலே இருந்துவிடலாம். ஹாம்பர்க் துறைமுகத்தில் டெமரேஜ் ஏறும். சரக்கைத் தள்ளுபடியில் வேறொருவருக்கு விற்கவோ திருப்பிக் கொண்டுவரவோ ஆகும் செலவுக்கு 12,000 டாலர் அட்வான்ஸ் போதுமா என்று முன்பே கணக்குப் பார்க்க வேண்டும். எல்.சி. என்றால் வங்கியே பணம் தர உறுதியளிக்கிறது. ஆனால் ஆவணங்கள் எல்.சி.யில் கேட்டபடியே இருக்க வேண்டும். கேட்ட காப்பீட்டுப் பிரிவு வேறாக இருந்தாலே பில் நின்றுவிடும்.

இவ்வளவையும் குறித்த பிறகு, மற்றப் பக்கங்களில் ஒரு வரியைத் தேட வேண்டும். 'ஹாம்பர்க் கிடங்கில் பரிசோதித்து ஏற்கும்வரை சரக்கு விற்பவரின் பொறுப்பில் இருக்கும்' என்பது போன்ற வாக்கியம் பையரின் அச்சிட்ட நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இருக்கலாம். தூத்துக்குடியில் மாறவேண்டிய பொறுப்பை அது ஹாம்பர்க் வரை இழுத்துவிடும்; பெயருக்குத்தான் அது சிஐஎஃப். கையெழுத்துக்கு முன்பே அதை நீக்கச் சொல்ல வேண்டும்.

எல்லாம் சேர்ந்து சுருக்கம் இப்படி அமையும்:

செலவு: ஹாம்பர்க் துறைமுகம் வரை நம்முடையது.
நஷ்டப் பொறுப்பு: தூத்துக்குடியில் கப்பலில் ஏறும்வரை, அதாவது ஜூலை 8 வரை நம்முடையது. யார்டில் கிடக்கும் நாள்களும் இதில் சேரும்.
காப்பீடு: 'ஏ' பிரிவு, கரூர் கிடங்கிலிருந்து.
பணம்: 12,000 டாலர் முன்பணம், 28,000 டாலர் செப்டம்பர் 6. வங்கி உறுதி இல்லை.
முரண்படும் வரி: பரிசோதனை நிபந்தனை, நீக்க வேண்டும்.

இதில் நான்காவது வரிக்குத்தான் விலை போட வேண்டும். ஜூலை 8 அன்று சரக்கின் கவலை தீர்கிறது. அதிலிருந்து 60 நாளுக்கு 28,000 டாலர் பையரின் நாணயத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. அந்த நாள்களுக்கான வங்கி வட்டியையும் கடன் காப்பீட்டுப் பிரீமியத்தையும் துண்டின் விலையில் சேர்த்து ஒரு கொட்டேஷனும், டி/பி முறைக்குச் சற்றுக் குறைந்த விலையில் இன்னொன்றும் அனுப்பினால், எது வேண்டும் என்று பையரே சொல்லிவிடுவார்.