ஒரே ஒருமுறை திறக்க வேண்டிய நான்கு ஆண்டுகள்

நிஃப்டியின் 20 நாள் சராசரி விலை 100 நாள் சராசரிக்கு மேலே போனால் வாங்கு, கீழே இறங்கினால் விற்றுவிடு. பங்குச் சந்தையில் பலர் பின்பற்றும் விதி இது. இதைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பதை 'பேக்டெஸ்ட்' என்கிறார்கள். 20-ஐ 15 ஆக்கி, 100-ஐ 120 ஆக்கி மாற்றி மாற்றி ஓட்டினால், ஏதாவது ஒரு ஜோடி அமோக லாபம் காட்டத்தான் செய்யும். தற்செயலாகத் தேற 5 சதவீத வாய்ப்பே உள்ள, உண்மையில் பயனற்ற 20 தனித்தனி உத்திகளைச் சோதித்தாலே, ஒன்றாவது தேறிவிட 64 சதவீத வாய்ப்பு உண்டு.

இதற்குத்தான் கடைசிச் சில ஆண்டுகளைப் பூட்டி வைக்கிறார்கள். 2005 முதல் 2024 வரையிலான விலைகள் கையில் இருந்தால், 2020 வரை எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம். 2021 முதல் 2024 வரை தொடக்கூடாது, வரைபடத்தைக்கூடப் பார்க்கக்கூடாது. எண்கள், தரகுச் செலவு, வரி எல்லாம் முடிவானபின், எது வெற்றி என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். உதாரணமாக, 'செலவு போக, நிஃப்டியை வாங்கிச் சும்மா வைத்திருப்பதைவிட அதிக லாபம் தர வேண்டும்.'

இப்போது பூட்டைத் திறக்கிறோம். நம் உத்தி ஆண்டுக்கு 9 சதவீதம் தந்ததாக வைத்துக்கொள்வோம். லாபம்தான். ஆனால் 2020 இறுதியில் சுமார் 13,980 புள்ளியில் இருந்த நிஃப்டி, 2024 இறுதியில் சுமார் 23,640-ல் முடிந்தது. டிவிடெண்டைச் சேர்க்காமலே ஆண்டுக்குச் சுமார் 14 சதவீதம். எழுதி வைத்த அளவுகோலின்படி உத்தி தோற்றுவிட்டது.

சபலம் இங்கேதான் தொடங்கும். 'சரிவுகளில் நஷ்டம் குறைவுதானே' என்று அளவுகோலை மாற்றத் தோன்றும். அல்லது ஒரு ஸ்டாப் லாஸ் சேர்த்து மறுபடி ஓட்டத் தோன்றும். ஓட்டினால் முடிவு மேம்படலாம். ஆனால் அந்த மாற்றத்தைச் சொல்லிக்கொடுத்ததே பூட்டி வைத்த நான்கு ஆண்டுகள்தான். அந்த நிமிடமே அவையும் பயிற்சி விலைகளாகிவிட்டன. இனி சாட்சி சொல்லும் தகுதி அவற்றுக்கு இல்லை. திருத்திய உத்தியை நியாயமாகச் சோதிக்க வேண்டுமானால், இனி வரப்போகும் விலைகளில், பணம் போடாமல் காகிதத்தில் நடத்திப் பார்ப்பதே வழி.

பூட்டு தெரியாமலே உடைவதும் உண்டு. இன்றைய நிஃப்டி பட்டியலில் உள்ள 50 நிறுவனங்களைக் கொண்டு பழைய காலத்தைச் சோதித்தால், இடையில் வீழ்ந்து வெளியேறியவை கணக்கில் வராது. எதிர்காலச் செய்தி உள்ளே கசிந்துவிடுகிறது.

உத்தி தேறினாலும் முழு நிரூபணம் ஆகாது. நான்கு ஆண்டுகள் சிறிய காலம், அதில் அதிர்ஷ்டத்துக்கும் இடமுண்டு. மோசமான உத்தியை வடிகட்டத்தான் இந்தச் சோதனை பெரிதும் உதவும். யாராவது பேக்டெஸ்ட் லாபத்தைக் காட்டி உங்களிடம் உத்தி விற்க வந்தால், கடைசி ஆண்டுகளை எத்தனை முறை பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.