கோடுகள் பிரிந்த இடம்

ஓர் ஊர் நூலகத்துக்காக இருவர் சேர்ந்து ஒரு சிறு மென்பொருள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இருவரும் தங்கள் வேலையை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சனிக்கிழமை காலை, புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்த ஒரு சிறுவனுக்கு 5 ரூபாய் கட்டணம். ஆனால் அச்சாகி வந்த ரசீதில் 500 ரூபாய் என்று இருக்கிறது.

எங்கே பிழை? மென்பொருளில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் என்ற கருவி பதிவு செய்து வைத்திருக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அந்த வேலையின் தேவைக்காகவே 2005இல் எழுதிய கருவி இது. ஒவ்வொரு பதிவுக்கும் கமிட் என்று பெயர். பதிவேட்டை `git log` என்ற கட்டளை காட்டும். அதில் புதியது மேலே இருக்கும், பழையது கீழே. நம் நூலகத்தின் பதிவேட்டை அப்படிப் பார்த்தால் புதன்கிழமை ஒருவர் கட்டணக் கணக்கை ரூபாயிலிருந்து பைசாவுக்கு மாற்றியதும், வியாழக்கிழமை மற்றவர் ரசீதில் வேலை செய்ததும் அடுத்தடுத்து வருகின்றன. பார்த்தவுடன் நமக்கு என்ன தோன்றும்? ‘நேற்றே பைசா என்று மாறிவிட்டதே, இவர் கவனிக்கவில்லையா?’ என்றுதான். அது தவறான தீர்ப்பு. தேதி வரிசை தந்த மயக்கம் அது.

அதே பதிவேட்டை வரைபடமாகக் கேட்டுப் பாருங்கள்.

```
git log --graph --oneline --all
```

```
*   e91c4d2 (HEAD -> main) Merge branch 'rasidhu'
|\
| * 7b03fa8 (rasidhu) ரசீதில் தேதி
| * 5d2e6c1 ரசீது முதல் வடிவம்
* | c48a1f0 கட்டணம் இனி பைசாவில்
|/
* 2f7719b உறுப்பினர் பட்டியல்
* 90ab3e5 தாமதக் கட்டணம் ரூபாயில்
```

நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு கமிட். அதன் அருகே இருக்கும் ஏழு எழுத்து எண் அதன் அடையாளம். கோடுகள் வம்சாவளியைச் சொல்கின்றன. ஒரு கமிட்டிலிருந்து கீழே இறங்கும் கோடு அதன் பெற்றோரிடம், அதாவது அது எந்த நிலையின் மேல் எழுதப்பட்டதோ அந்தக் கமிட்டிடம், போய்ச் சேரும். பெற்றோரின் பெயர் பிள்ளையிடம் எழுதியிருக்கும். பிள்ளையின் பெயர் பெற்றோரிடம் இருக்காது. ஆகவே இந்தப் படத்தைக் கீழ்நோக்கித்தான் வாசிக்க வேண்டும்.

இப்போது 7b03fa8இல் விரல் வையுங்கள். வியாழக்கிழமை எழுதிய ரசீது அதுதான். கோட்டின் வழியே இறங்கினால் 5d2e6c1, அங்கிருந்து சாய்கோடு வழியாக 2f7719b, பிறகு 90ab3e5. வழியில் எங்கும் c48a1f0 வரவில்லை. பைசா மாற்றம் பக்கத்துக் கோட்டில் இருக்கிறது. ரசீது எழுதியவர் திங்கட்கிழமை 2f7719bஇலிருந்து கிளை பிரிந்து போனார். அவர் கணினியில் வியாழன் வரையிலும் கட்டணம் ரூபாயில்தான் இருந்தது. படத்தின் சாரமே இதுதான்: ஒரு கமிட்டிலிருந்து கோட்டின் வழியே இறங்கி இன்னொன்றை அடைய முடிந்தால், முன்னது பின்னதன் மேல் கட்டப்பட்டது. அடைய முடியவில்லை என்றால், தேதி என்னவாக இருந்தாலும், அது இதற்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். திங்கட்கிழமை எழுதிய 5d2e6c1, புதன்கிழமை எழுதிய c48a1f0க்கு மேலே நிற்கிறது. இது பிழையல்ல. வரைபடம் கேட்டவுடன் கிட் தேதி வரிசையைக் கைவிட்டு, ஒரு கிளையின் கமிட்டுகளைச் சிதறாமல் சேர்த்து அடுக்குகிறது. பிள்ளை பெற்றோருக்கு மேலே வரும் என்பது மட்டுமே அதன் உறுதி. பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் எது உயரம், எது தாழ்வு என்பதற்குப் பொருளே இல்லை. புதிதாக வாசிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது என்பேன்.

உச்சியில் இருக்கும் e91c4d2 இரண்டு கோடுகளும் சேர்ந்த மெர்ஜ் கமிட். அதற்கு இரண்டு பெற்றோர். இடப்பக்கம் இறங்குவது முதல் பெற்றோர். மெர்ஜ் செய்தவர் அப்போது நின்றிருந்த கிளை. வலப்பக்கம் இறங்குவது உள்ளே கொண்டுவரப்பட்ட கிளை. பெரிய திட்டங்களில் பத்துப் பன்னிரண்டு கோடுகள் பின்னிக் கிடக்கும்போது கண்ணால் பிரிந்த இடத்தைத் தேடுவது வீண். கிட்டையே கேட்கலாம்.

```
git merge-base e91c4d2^1 e91c4d2^2
git log --oneline 7b03fa8..c48a1f0
```

முதல் வரி பிரிந்த இடத்தைத் தரும், இங்கே 2f7719b. இரண்டாவது வரி, ரசீதுக் கிளை அறியாமல் விட்ட கமிட்டுகளைப் பட்டியலிடும். இங்கே c48a1f0 ஒன்றுதான். முதல் வரியில் கிளைப் பெயர்களையே கொடுத்து `git merge-base main rasidhu` என்று கேட்கக்கூடாதா என்றால், மெர்ஜுக்கு முன் கேட்டிருந்தால் சரி. மெர்ஜ் முடிந்த பிறகு ரசீதுக் கிளை முழுவதும் main-க்குள் வந்துவிட்டது. அதனால் பிரிந்த இடத்துக்குப் பதிலாக அந்தக் கிளையின் நுனி, 7b03fa8, பதிலாக வரும். `^1`, `^2` என்று இரண்டு பெற்றோரையும் தனித்தனியே சுட்டுவது அதற்காகத்தான்.

மெர்ஜ் செய்தபோது கிட் ஏன் எச்சரிக்கவில்லை? ஒரே கோப்பின் ஒரே பகுதியை இருவரும் மாற்றியிருந்தால் அது மோதல் என்று நிறுத்தியிருக்கும். இங்கே ஒருவர் தொட்டது கணக்குக் கோப்பு, மற்றவர் தொட்டது ரசீதுக் கோப்பு. எழுத்துகள் மோதவில்லை, பொருள்தான் மோதியது. அதைக் கிட்டால் பார்க்க முடியாது.

இந்தப் படம் எப்போதும் உண்மையைச் சொல்லுமா? அதற்கும் எல்லை உண்டு. வெள்ளிக்கிழமை மெர்ஜ் செய்யாமல் ரீபேஸ் செய்திருந்தால், ரசீதின் இரண்டு கமிட்டுகளும் பைசா மாற்றத்தின் மேல் புதிதாக எழுதப்பட்டு, புதிய அடையாள எண்ணுடன் ஒரே நேர்க்கோடாகி இருக்கும். வரைபடம் அழகாக இருக்கும். ஆனால் ரசீது எழுதியவர் பைசா மாற்றத்தைப் பார்த்துவிட்டே எழுதினார் என்று அது சொல்லும். அந்த நேர்க்கோடு எனக்குப் பிடிப்பதில்லை; படிக்கச் சுலபமாக இருப்பதற்காக, நடந்ததை அது அழித்துவிடுகிறது. ஒரு தடயம் மட்டும் மிஞ்சும்: திங்கட்கிழமைத் தேதியிட்ட கமிட் புதன்கிழமைக் கமிட்டின் பிள்ளையாக நிற்கும். `git log --format=fuller` என்று கேட்டால் எழுதிய தேதியும் பதிவான தேதியும் தனித்தனியே தெரியும். இரண்டும் விலகி இருந்தால், அந்தக் கோடு பின்னால் நேராக்கப்பட்டிருக்கக்கூடும் என்று சந்தேகிக்கலாம். ஸ்குவாஷ் மெர்ஜ் என்றால் இன்னும் மோசம். கிளை முழுவதும் ஒரே கமிட்டாகச் சுருங்கி, இரண்டாவது கோடே இருக்காது.

நூலகத்துக்குத் திரும்புவோம். ரசீதில் தொகையை நூறால் வகுக்கும் ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். c48a1f0இல் பிழை இல்லை. அது எழுதப்பட்டபோது அந்தக் கோட்டில் ரசீதே கிடையாது. 7b03fa8இலும் பிழை இல்லை. அதைத் தனியே இயக்கினால் ரசீதில் 5 ரூபாய் என்று சரியாகவே வரும். தவறான ரசீது முதன்முதலாக வருவது, யாரும் ஒரு வரிகூடப் புதிதாக எழுதாத e91c4d2இல்தான். வெள்ளிக்கிழமை மெர்ஜ் முடிந்த கையோடு ஒரே ஒரு ரசீதை அச்சிட்டுப் பார்த்திருந்தால், சனிக்கிழமை அந்தச் சிறுவன் கையில் அது போயிருக்காது.