கமிஷன் எங்கிருந்து வருகிறது?

மஞ்சூர் பஜாரில் டீ குடிக்க உட்கார்ந்தால் இப்போது இந்தப் பேச்சு காதில் விழாமல் இருப்பதில்லை. பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கும் மாதங்களில் குந்தா பக்கத்துப் பெண்களின் போனில் சேலை, நைட்டி, ஃபேஸ் கிரீம் படங்கள் ஸ்டேட்டஸாக ஏறுகின்றன. “வாட்ஸ்அப்பில் படம் போட்டால் போதும், கமிஷன் வருமாம். சேரலாமா அக்கா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்.

இந்த வியாபாரத்தை நம் நாட்டில் வீடு வீடாகக் கொண்டுபோனது மீஷோ. 2015இல் விதித் ஆத்ரே, சஞ்சீவ் பர்ன்வால் என்ற இருவர் பெங்களூரில் தொடங்கினார்கள். அது நடந்த விதம் எளிமையானது. ஆப்பில் இருக்கும் சேலைப் படத்தை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்புவீர்கள். ஆப்பில் விலை 450 ரூபாய் என்றால், நீங்கள் 80 ரூபாய் மார்ஜின் வைத்து 530 என்று சொல்வீர்கள். சேலை நேராக வாங்குபவர் வீட்டுக்குப் போகும், அவர் 530 கொடுப்பார். திருப்பி அனுப்பும் கெடு முடிந்ததும் உங்கள் 80 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும். சரக்கு வாங்கி அடுக்கி வைக்க வேண்டியதில்லை, கைமுதலும் வேண்டாம்.

இதில் கமிஷன் வருவது சேலை விற்றதால். எந்தத் திட்டத்திலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். சேர்வதற்கே பணம், ‘ஸ்டார்ட்டர் கிட்’ என்று 5,000 ரூபாய்க்கு சரக்கு, உங்களுக்குக் கீழே ஆள் சேர்த்தால் தனி வருமானம் என்றால், அங்கே பொருளுக்கு உண்மையான வாடிக்கையாளர் இல்லை, நீங்கள்தான் வாடிக்கையாளர். 10 சதவீதக் கமிஷனில் அந்த 5,000 ரூபாயைத் திரும்ப எடுக்கவே 50,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். நம் ஊரில் அத்தனை பேர் எங்கே? ஆள் சேர்ப்பதற்காகவே பணம் தரும் பிரமிடுத் திட்டங்களை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978ஆம் ஆண்டிலிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது.

சேர்க்கைப் பணம் கேட்காத நல்ல திட்டம் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 20 ஆர்டர் பிடிக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் 80 ரூபாய். நோட்டில் 1,600 என்று எழுதத் தோன்றும். ஆனால் கேஷ் ஆன் டெலிவரியில் பார்சல் வரும்போது ஒருவர் வீட்டில் இருக்க மாட்டார், இன்னொருவருக்கு நிறம் பிடிக்காது. நாலு ஆர்டர் திரும்பினால் அந்த நாலுக்கும் மார்ஜின் இல்லை. மிச்சம் 1,280. ரீசார்ஜுக்கு 300 போனால் 980. தினம் இரண்டு மணி நேரம் படம் அனுப்புவதும் அளவு கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுமாகப் போனால், மணிக்கு 16 ரூபாய்தான் தேறுகிறது. ரிட்டர்ன் கூரியர் செலவை உங்கள் தலையில் கட்டும் திட்டமானால் இதிலும் குறையும்.

மூன்றாவது விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. வாங்குபவர் யாருடைய வாடிக்கையாளர்? மீஷோவே காலப்போக்கில் இடையில் ஆள் இல்லாமல் நேரடியாக வாங்குபவர்களுக்கு விற்கும் தளமாக மாறிவிட்டது. உங்களிடம் 530 கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் அதே ஆப்பை இறக்கினால் 450 என்ற விலை அவர் கண்ணில் படும். அப்போது மார்ஜினோடு உங்கள் மேல் வைத்த நம்பிக்கையும் போகும். எல்லாரும் வாங்க முடிகிற ஆப்பில் விலையை ஏற்றிச் சொல்லாதீர்கள். நிறுவனமே எல்லாருக்கும் ஒரே விலை வைத்து, தன் பங்கிலிருந்து உங்களுக்குக் கமிஷன் தருகிறதா என்று பாருங்கள். அதுதான் சிறிய ஊருக்குச் சரிப்படும்.

சேரும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நம் பின்கோடைப் போட்டு டெலிவரி உண்டா என்று பாருங்கள். பிறகு விலை குறைந்த ஒரு பொருளை உங்கள் பெயருக்கே ஆர்டர் செய்யுங்கள். எத்தனை நாளில் மலை ஏறி வருகிறது, படத்தில் இருந்த துணிதானா, பில்லில் என்ன விலை அச்சாகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அந்தத் திட்டத்தில் எந்தக் காரணத்துக்கு ரிட்டர்ன் எடுப்பார்கள் என்று படித்து, அதற்குப் பொருந்தினால் அதைத் திருப்பி அனுப்பிப் பாருங்கள். எடுத்துப் போக ஆள் வருகிறாரா, பணம் எத்தனை நாளில் திரும்புகிறது? நாளைக்கு உங்கள் வாடிக்கையாளர் கோபமாக உங்கள் வாசலில் நிற்கும்போது இந்தப் பதில்தான் தேவைப்படும்.

கமிஷனை எடுக்க ‘முதலில் டெபாசிட் கட்டுங்கள்’ என்று யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மாதம் செய்துவிட்டு, வங்கிக் கணக்கில் உண்மையில் விழுந்த தொகையைச் செலவிட்ட மணிகளால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் உங்களுக்குப் போதும் என்றால் தொடருங்கள்.